81-ஐ 126 ஆக்கியவர்களுக்கு: எண்ணிக்கைக் கணக்கில் மதிப்பெண் பறிபோகும் இடங்கள்

மாலைவகுப்பு

இந்த ஆண்டு தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு,

மாதிரித் தேர்வுத் தாள்களை நேற்று இரவு திருத்தி முடித்தேன். வரிசைமாற்றம், சேர்வு பாடத்தில் சூத்திரம் தெரியாமல் மதிப்பெண் இழந்தவர்கள் மிகச் சிலர். சூத்திரத்தைச் சரியாக எழுதி, பெருக்கலையும் சரியாகச் செய்து, விடையை மட்டும் தவறவிட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

அதிகம் பேர் விழுந்த குழி இது. 5 ஆண்கள், 4 பெண்கள். அவர்களிலிருந்து 4 பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும்; குறைந்தது 2 பெண்கள் இருக்க வேண்டும். பலர் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: முதலில் 2 பெண்களைத் தேர்ந்தெடுத்து நிபந்தனையை முடித்துவிடுவோம், 4C2 = 6. மீதி 7 பேரில் யாராவது இருவர், 7C2 = 21. ஆக 126.

படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 9 பேரிலிருந்து எந்த நிபந்தனையும் இல்லாமல் 4 பேரை எடுத்தாலே 9C4 = 126 தான். நிபந்தனை போட்ட பிறகும் ஒரு குழுகூடக் குறையவில்லையா? நான்கு பேரும் ஆண்களாக உள்ள 5 குழுக்கள் எங்கே போயின?

நடந்தது இதுதான். மாலா, கலா, லீலா என மூன்று பெண்களும் குமார் என்ற ஆணும் உள்ள ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மாலாவையும் கலாவையும் முதலில் எடுத்து, லீலாவைப் பிறகு சேர்த்தால் ஒரு தடவை. மாலா, லீலா முதலில், கலா பிறகு என்றால் இன்னொரு தடவை. கலா, லீலா முதலில் என்றால் மூன்றாம் தடவை. குழு ஒன்றுதான், நீங்கள் மூன்று முறை எண்ணிவிட்டீர்கள். நான்கு பேரும் பெண்களாக உள்ள ஒரே குழுவை ஆறு முறை எண்ணியிருக்கிறீர்கள்.

சரியான வழி: சரியாக 2 பெண்கள் என்றால் 6 × 10 = 60. சரியாக 3 பெண்கள் என்றால் 4 × 5 = 20. நான்கும் பெண்கள் என்றால் 1. மொத்தம் 81. தவறான விடை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம்: 60 × 1 + 20 × 3 + 1 × 6 = 126. கொள்குறி வினாவில் 126 என்பது பெரும்பாலும் ஒரு விருப்பமாகவே இருக்கும். வினா அமைப்பவருக்கும் நீங்கள் எப்படி யோசிப்பீர்கள் என்று தெரியும்.

இரண்டாவது, ‘கற்கண்டு’ என்ற சொல்லின் எழுத்துகள். இரண்டு ‘க’வும் அடுத்தடுத்து வராமல் எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? ஐந்து எழுத்துகள், ‘க’ இரண்டு முறை வருகிறது, மொத்தம் 5!/2! = 60. இதுவரை எல்லோரும் சரி. அடுத்து, இரண்டையும் ஒட்டவைத்தால் 4! = 24, உள்ளுக்குள் இடம் மாற 2! என்று பெருக்கி 48 ஆக்கி, 60 − 48 = 12 என்று முடித்திருக்கிறீர்கள். மொத்தத்தை எண்ணும்போது இரண்டு ‘க’வும் ஒன்றே என்றீர்கள், ஒட்டிவைத்தபோது வேறு வேறு என்றீர்கள். ஒரே கணக்கில் இரண்டு நாக்கு. சரியான விடை 60 − 24 = 36.

இதே முறையைத் ‘தாத்தா’ என்ற சொல்லுக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 3!/2! = 3. ஒட்டியவை 2! × 2! = 4. விடை −1. தாத்தாவை மைனஸ் ஒரு விதமாக எழுத முடியும் என்று யாரும் தேர்வில் எழுத மாட்டீர்கள் அல்லவா? பெரிய எண்களில் அந்தத் தவறு வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலக்கங்கள் திரும்ப வராத நான்கு இலக்க இரட்டைப்படை எண்கள் எத்தனை? கடைசி இடத்துக்கு 5 வழி, மற்ற இடங்களுக்கு 9, 8, 7, ஆக 2520 என்பது பூச்சியத்தை முன்னால் உட்காரவைத்துவிடுகிறது. 0-இல் முடிபவை 9 × 8 × 7 = 504. 2, 4, 6, 8-இல் முடிபவை 4 × 8 × 8 × 7 = 1792. மொத்தம் 2296. சரிபார்க்க ஒற்றைப்படை எண்களையும் எண்ணுங்கள்: 5 × 8 × 8 × 7 = 2240. இரண்டையும் கூட்டினால் 4536; நான்கு இலக்கமும் வேறு வேறாக உள்ள எண்களின் மொத்தமும் 9 × 9 × 8 × 7 = 4536.

நான்காவது, 6 பேரை மூன்று இணைகளாகப் பிரிப்பது. 6C2 × 4C2 × 2C2 = 90 என்று நிறுத்திவிடுகிறீர்கள். இணைகளுக்குப் பெயர் இல்லை. எந்த இணையை முதலில் எடுத்தோம் என்பதும் விடையில் இல்லை. ஒவ்வொரு பிரிவும் 3! முறை வந்திருக்கிறது. 90/6 = 15.

விடை வந்ததும் பேனாவைக் கீழே வைக்காதீர்கள். முடிந்துபோன ஒரு குழுவையோ ஒரு வரிசையையோ கையில் எடுத்து, ‘என் முறை இதை எத்தனை தடவை உண்டாக்கும்?’ என்று கேளுங்கள்.

தென்காசி_மாணவி

சார், முதல் கணக்கில் நான் 126 தான் எழுதியிருந்தேன். மூன்று முறை எண்ணியது இப்போது புரிகிறது. ஒரு சந்தேகம். நான்காவது கணக்கில் அதிகமாக எண்ணியதை 6-ஆல் வகுத்துச் சரிசெய்துவிட்டீர்கள். முதல் கணக்கிலும் 126-ஐ ஏதாவது ஓர் எண்ணால் வகுத்து 81-க்கு வர முடியாதா? வகைவகையாகப் பிரித்து எழுத நேரம் ஆகிறது.

முருகவேல்_க

வகுத்தால் போதும் என்றுதான் எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள். குழுக்களாகப் பிரிக்கும் கணக்கு எது வந்தாலும், குழுக்களின் எண்ணிக்கைக்குக் காரணியப் பெருக்கம் போட்டு வகுத்துவிடுங்கள். இரண்டு குழு என்றால் 2!, மூன்று குழு என்றால் 3!. நான் இப்படியே நிறைய கணக்குகளுக்குச் சரியான விடை எடுத்திருக்கிறேன். தங்கையும் இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

பழைய_புள்ளியியலார்

முருகவேல் தம்பி, உங்கள் விதியை மூன்று பேரிடம் சோதித்துப் பாருங்கள். மூவரை, இருவர் ஒரு குழு, ஒருவர் தனி என்று பிரிக்க வேண்டும். யார் தனியாக நிற்பது என்று கேட்டால் போதும், விடை 3. உங்கள் விதிப்படி 3C2 × 1C1 = 3, அதை 2!-ஆல் வகுத்தால் ஒன்றரை. ஒன்றரை விதமாக எப்படிப் பிரிப்பீர்கள்?

உங்களுக்குச் சரியான விடை கிடைத்த கணக்குகளில் எல்லாக் குழுக்களும் ஒரே அளவாக இருந்திருக்கும். அளவு வேறுபட்டால் குழுக்கள் தாமாகவே அடையாளம் பெற்றுவிடுகின்றன. மூவர் குழுவும் இருவர் குழுவும் இடம் மாறி நிற்க முடியாது. 7 பேரை 3, 2, 2 என்று பிரித்தால் 7C3 × 4C2 × 2C2 = 210. இதில் குழம்பக்கூடியவை இரண்டு இருவர் குழுக்கள் மட்டுமே. எனவே 2!-ஆல் வகுத்து 105. உங்கள் விதி 35 என்று சொல்லும்.

மாணவியின் கேள்வி இதைவிட நல்ல கேள்வி. வகுப்பதற்கு ஓர் உரிமை வேண்டும். எல்லாப் பொருள்களையும் நாம் ஒரே தடவைக் கணக்கில் மிகையாக எண்ணியிருந்தால் மட்டுமே வகுக்கலாம். இணைகள் கணக்கில் ஒவ்வொரு பிரிவும் விதிவிலக்கின்றி 6 முறை வந்தது, வகுத்தோம். குழுக் கணக்கில் சில குழுக்கள் ஒரு முறை, சில மூன்று முறை, ஒன்று ஆறு முறை. ஒரே எண்ணால் வகுத்தால் ஒருமுறை எண்ணிய 60 குழுக்களுக்கும் தண்டனை கிடைக்கும். அங்கே பிரித்து எண்ணுவதைத் தவிர, அல்லது வேண்டாதவற்றை மொத்தத்திலிருந்து கழிப்பதைத் தவிர வழியில்லை. 126-இலிருந்து, பெண்ணே இல்லாத 5 குழுக்களையும் ஒரே ஒரு பெண் உள்ள 40 குழுக்களையும் கழித்தால் அதே 81 வரும்.

வட்ட வரிசையிலும் இதே பொறி உண்டு. வட்டமாக உட்காரவைத்தால் n-ஆல் வகு என்று பழகியிருப்பீர்கள். இரண்டு சிவப்பு மணி, இரண்டு நீல மணி, வட்டமாக வைக்க வேண்டும். சுழற்றினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒன்றாகவே கொள்க. நேர்வரிசையில் 6 விதம். 6/4 என்றால் மறுபடியும் ஒன்றரை. உண்மையில் இரண்டு விதம். சிவப்பும் சிவப்பும் அடுத்தடுத்து வரும் வட்டம் நேர்வரிசையில் நான்கு முறை வருகிறது; சிவப்பும் நீலமும் மாறிமாறி வரும் வட்டம் இரண்டே முறை வருகிறது. நான்கும் இரண்டும் ஆறு. எல்லோரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் வட்டமேசைக் கணக்கில் (n − 1)! தைரியமாக எழுதுகிறோம்.

முருகவேல்_க

ஒன்றரையைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, அளவு ஒன்றாக இருக்கும் குழுக்களுக்கு மட்டும் வகுக்க வேண்டும் என்று திருத்திக்கொள்கிறேன்.

வேலைவாய்ப்பு_2க்கு_காத்திருப்பவன்

எண்ணிக்கைத் தவறுகள் என்ற தலைப்பைப் பார்த்து வந்தேன். நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். என் பிரச்சினை இது: 100 மீட்டர் நீளச் சாலையில் 5 மீட்டருக்கு ஒரு மரம் நட்டால் எத்தனை மரம்? 20 என்று போட்டேன், விடைக்குறிப்பில் 21. அடுத்த வினாவில் 100 மீட்டர் சுற்றளவுள்ள குளத்தைச் சுற்றி நட்டார்கள், நான் உஷாராக 21 போட்டேன், விடைக்குறிப்பில் 20. இதற்கு எதை எதால் வகுப்பது?

மாலைவகுப்பு

நான் எழுதியது வரிசைமாற்றம், சேர்வு பாடத்துக்கு, தம்பி. ஆனால் வந்தது வந்துவிட்டீர்கள். சாலையை 10 மீட்டராகச் சுருக்குங்கள். 0-இல் ஒரு மரம், 5-இல் ஒன்று, 10-இல் ஒன்று. மூன்று மரம், இடைவெளி இரண்டு. குளத்தை 10 மீட்டர் சுற்றளவாகச் சுருக்குங்கள். 0-இல் ஒன்று, 5-இல் ஒன்று, 10-க்கு வரும்போது பழைய மரத்தின் முன்னாலேயே வந்து நிற்கிறீர்கள். இரண்டு மரம். நேர்ச்சாலையில் இரு முனையிலும் மரம் உண்டு என்று வினா சொல்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முனைகளில் வேண்டாம் என்றால் 19.

இதில் வகுப்பது எதுவும் இல்லை. ஆனால் ‘தாத்தா’வைப் போட்டுப் பார்த்தது போல, சிறிய எண்ணைப் போட்டுப் பார்க்கும் வழக்கம் இங்கேயும் காப்பாற்றும்.

அகிலா_பிளஸ்டூ

எனக்கு எதிர்ப்பக்கமான சிக்கல், சார். ஒன்றுபோல் இருப்பவற்றை வேறு வேறாக எண்ணக் கூடாது என்று நீங்கள் எழுதியதை நான் முன்பே தீவிரமாகப் பின்பற்றுகிறேன். அதனாலேயே நிகழ்தகவுப் பாடத்தில் அடிவாங்கினேன். இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 7 வர நிகழ்தகவு என்ன? பகடைகள் ஒன்றுபோல் இருக்கின்றன. எனவே 3, 4 என்பதும் 4, 3 என்பதும் ஒன்றே. மொத்தம் 21 முடிவுகள். 7 வருவது (1, 6), (2, 5), (3, 4) என்று மூன்று. 3/21 = 1/7 என்று எழுதினேன். விடை 1/6. ‘கற்கண்டு’க்கு ஒரு நியாயம், பகடைக்கு ஒரு நியாயமா?

தமிழாசிரியை_ஓய்வு

கணக்கு எனக்குத் தூரம். ஆனால் இந்தப் பெண்ணின் கேள்வியைப் பார்த்ததும் யாப்பு நினைவுக்கு வந்தது. அசை இரண்டே வகை, நேர், நிரை. ஈரசைச் சீர் எத்தனை? இரண்டும் நேர், இரண்டும் நிரை, ஒன்று நேர் ஒன்று நிரை என்று மூன்றாக யாரும் எண்ணுவதில்லை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். நான்கு. புளிமாவிலும் கூவிளத்திலும் உள்ள சரக்கு ஒன்றேதான், ஒரு நேரும் ஒரு நிரையும். ஆனாலும் இரண்டு பெயர், இரண்டு சீர். மூவசைக்குப் போனால் காய்ச்சீர் நான்கு, கனிச்சீர் நான்கு, ஆக எட்டு. பகடையில் முதல் பகடை, இரண்டாம் பகடை என்பது இந்த முன் அசை, பின் அசை போன்றது இல்லையா? தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

பழைய_புள்ளியியலார்

மன்னிக்க எதுவும் இல்லை அம்மா, நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய உதாரணம் அது. பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் 1754-இல் கலைக்களஞ்சியத்தில் நாணயம் சுண்டுவது பற்றி எழுதிய கட்டுரையில் தடுக்கி விழுந்ததும் ஏறக்குறைய இங்கேதான். இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு என்ன? முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பூவுக்குப் பின் தலை. பூவுக்குப் பின் பூ. மூன்று முடிவுகள், இரண்டு சாதகம், எனவே 2/3 என்றார். சரியான விடை 3/4. அவருடைய மூன்றில் முதலாவதற்கு மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு எடை உண்டு. அம்மாவின் கணக்கில், தலையை நேர், பூவை நிரை என்று வைத்துச் சொன்னால், தேமாவையும் கூவிளத்தையும் அவர் ஒரே சீராக்கிவிட்டார்.

ஆனால் அகிலா கேட்டதற்கு யாப்பு பாதிப் பதில்தான். மீதிப் பாதி இது. ‘எத்தனை விதம்’ என்ற கேள்வியில் எது ஒன்று, எது வேறு என்பதை வினா சொல்லும். ‘வாய்ப்பு என்ன’ என்ற கேள்வியில் அதை வினா தீர்மானிப்பதில்லை; நாம் எண்ணும் முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதே தீர்மானிக்கிறது. பகடைக்கு நாம் அடையாளம் தெரியாமல் பார்ப்பது தெரியாது. ஒன்றுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தால் 7 விழும் வாய்ப்பு மாறிவிடுமா? அகிலாவின் 21-இல் (3, 3) ஒரு வழியில்தான் விழும். (3, 4) இரண்டு வழியில் விழும். அந்த 21-உம் சம எடை இல்லை. 36-இல் 6 என்று எண்ண வேண்டும்.

கலிலியோவிடமும் இதைப் போன்ற கேள்வி வந்தது. மூன்று பகடைகளில் 9-ஐயும் 10-ஐயும் ஆறாறு விதமாகப் பிரிக்கலாம், பிறகு ஏன் 10 சற்று அதிகமாக விழுகிறது என்று. 9-இன் ஆறில் ஒன்று 3, 3, 3. அது ஒரே வழியில் விழும். எல்லாவற்றையும் வரிசையோடு எண்ணினால் 216-இல் 9-க்கு 25, 10-க்கு 27.

அகிலா_பிளஸ்டூ

அப்படியானால் நிகழ்தகவில் எப்போதும் வரிசையைப் பார்க்க வேண்டுமா? பையில் 3 சிவப்புப் பந்து, 2 வெள்ளைப் பந்து, இரண்டை ஒன்றாக எடுக்கிறோம் என்ற கணக்கில் எங்கள் ஆசிரியர் 3C2/5C2 என்றுதான் போட்டார். வரிசை பார்க்கவில்லையே?

மாலைவகுப்பு

வரிசை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அங்கே ஒன்றுதான். வரிசையின்றி 3/10. வரிசையோடு 6/20. ஒவ்வொரு இணையும் மேலேயும் கீழேயும் இரண்டிரண்டாகிறது, சுருங்கிவிடுகிறது. பகடையில் (3, 3) என்பது இரண்டாகாது, அதனால்தான் அங்கே சிக்கல். கவனியுங்கள்: பந்துக் கணக்கில் மூன்று சிவப்புப் பந்துகளையும் உங்கள் ஆசிரியர் வேறு வேறு பந்துகளாகவே எண்ணியிருக்கிறார். ‘சிவப்பு-சிவப்பு, சிவப்பு-வெள்ளை, வெள்ளை-வெள்ளை, எனவே 1/3’ என்று அவர் போடவில்லை. நான் திருத்தும் தாள்களில் மதிப்பெண் போவது மேலே ஒரு முறையிலும் கீழே இன்னொரு முறையிலும் எண்ணும்போது: 3C2/5P2. ‘கற்கண்டு’வில் சொன்ன இரண்டு நாக்குதான் இதுவும்.

கபடி_கோச்

நான் ஆசிரியர் இல்லை. என் மகனுடைய தேர்வில் வந்த வினா: ‘14 வீரர்களை ஒரு கபடி ஆட்டத்துக்கு இரண்டு அணிகளாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?’ அவன் 14C7 = 3432 எழுதினான். விடைக்குறிப்பு 1716. நான் அவன் பக்கம். களத்தில் எந்த ஏழு பேர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது பெரிய விஷயம். பாடி முதலில் யார் போகிறார்கள் என்பதும் இருக்கிறது.

மாலைவகுப்பு

வினாவில் ‘பிரிக்கலாம்’ என்றுதான் இருக்கிறது. யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதே கேள்வி. நான் 1716 தான் போடுவேன்.

பழைய_புள்ளியியலார்

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ‘ஒரு கபடி ஆட்டத்துக்கு’ என்ற சொற்கள் இல்லாவிட்டால் 1716-இல் ஐயமே இல்லை. ‘சிவப்புச் சட்டை அணி, நீலச் சட்டை அணி’ என்று இருந்தால் 3432-இல் ஐயமே இல்லை. இந்த வினா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு எண்களையும் விருப்பங்களில் வைத்தவர் இன்னும் ஒரு சொல் செலவழித்திருக்கலாம். விரிவான விடை எழுதும் தேர்வாக இருந்தால் ‘அணிகளுக்குப் பெயர் இல்லை எனக் கொண்டு’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடச் சொல்லுங்கள். கொள்குறித் தாளில் அதற்கு வழியில்லை.

கபடி_கோச்

ஆட்டம் என்று எழுதிவிட்டு அணிக்குப் பக்கம் இல்லை என்றால் எப்படி? நான் ஏற்கவில்லை.

தென்காசி_மாணவி

இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு பழைய கணக்கை மறுபடி எடுத்தேன். 5 வெவ்வேறு பரிசுகளை 3 குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் குறைந்தது ஒன்றாவது கிடைக்க வேண்டும். நான் முன்பு போட்டது: முதலில் ஆளுக்கு ஒன்று, 5P3 = 60. மீதி இரண்டு பரிசுகளை யாருக்கு வேண்டுமானாலும், 3 × 3 = 9. ஆக 540. இப்போது பார்த்தால், நிபந்தனையே இல்லாமல் கொடுத்தாலே 3 × 3 × 3 × 3 × 3 = 243 தான். மொத்தத்தைவிடப் பெரிய விடையை எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வினாவுக்குப் போயிருக்கிறேன்.

சார் சொன்னபடி முடிந்துபோன ஒரு பங்கீட்டைக் கையில் எடுத்தேன். ஒரு குழந்தைக்கு 3, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று என்றால், அந்த மூன்றில் எது ‘முதல் பரிசு’ என்பதைப் பொறுத்து 3 முறை எண்ணியிருக்கிறேன். 2, 2, 1 என்றால் 2 × 2 = 4 முறை. தடவைகள் வேறு வேறு, எனவே வகுக்க முடியாது. பிரித்து எண்ணினேன்.

3, 1, 1: மூன்று பரிசு யாருக்கு என்பதற்கு 3 வழி, எந்த மூன்று என்பதற்கு 5C3 = 10, மீதி இரண்டையும் இருவருக்குக் கொடுக்க 2. ஆக 60.

2, 2, 1: ஒரே பரிசு யாருக்கு என்பதற்கு 3, எந்தப் பரிசு என்பதற்கு 5, மீதி நான்கில் ஒருவருக்கு இரண்டு என்பதற்கு 4C2 = 6. ஆக 90. இங்கே 2!-ஆல் வகுக்கலாமா என்று கை துறுதுறுத்தது. அளவு ஒன்றாக இருந்தாலும் குழந்தைகள் வேறு வேறு ஆட்கள், அதனால் வகுக்கவில்லை.

மொத்தம் 150. பழைய தவறோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்தேன்: 60 × 3 + 90 × 4 = 540.

மாலைவகுப்பு

கை துறுதுறுத்த இடத்தில் நிறுத்தினாயே, அங்கேதான் என் வகுப்பில் பாதிப் பேர் முருகவேலின் திருத்திய விதியைப் போட்டு 45 ஆக்கியிருப்பார்கள்.

முருகவேல்_க

ஐயா, என்னை விட்டுவிடுங்கள்.

அகிலா_பிளஸ்டூ

ஆனால் தேர்வில் ஒரு வினாவுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது. இவ்வளவும் சரிபார்த்துக்கொண்டிருந்தால் கடைசிப் பக்கத்துக்குப் போக முடியாது. எனக்குத் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள், சரியானதற்கு நான்கு. சந்தேகம் வந்தால் விட்டுவிடுவதே மேல் என்று எங்கள் பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள்.

மாலைவகுப்பு

எல்லாவற்றையும் சரிபார்க்க நேரம் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். நிபந்தனை இல்லாத மொத்தத்தோடு ஒப்பிடுவதற்குப் பத்து நொடி போதும். 126-உம் 540-உம் அந்தப் பத்து நொடியிலேயே பிடிபட்டிருக்கும். 2520 அப்படிப் பிடிபடாது, மொத்தமான 4536-க்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அதற்குத்தான் வினாவில் பூச்சியம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்ப்பது.

வேலைவாய்ப்பு_2க்கு_காத்திருப்பவன்

நான் மரத்தோடு போயிருக்க வேண்டியவன், பரிசுக் கணக்கையும் முயன்றுவிட்டேன். தங்கை பிரித்து எண்ணினார், நான் கழித்துப் பார்த்தேன். மொத்தம் 243. ஒரு குழந்தைக்கு எதுவும் கிடைக்காத விதங்கள்: அந்தக் குழந்தையைத் தேர்ந்தெடுக்க 3, மீதி இருவருக்கு 5 பரிசுகள் 32 விதம், ஆக 96. 243 − 96 = 147. மூன்று குறைகிறதே, எங்கே போனது?

மாலைவகுப்பு

ஐந்து பரிசும் மூத்த குழந்தைக்கே போய்விட்ட பங்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எத்தனை முறை கழித்தீர்கள்?

வேலைவாய்ப்பு_2க்கு_காத்திருப்பவன்

இரண்டாம் குழந்தைக்கு இல்லை என்று ஒரு முறை, மூன்றாம் குழந்தைக்கு இல்லை என்று இன்னொரு முறை. இரண்டு தடவை கழித்துவிட்டேன். ஐந்தையும் தனியாகப் பெறக்கூடிய குழந்தைகள் மூவர், எனவே 3-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். 150.